மடியில் கனம் இல்லைதான், ஆனாலும் என் போனைப் பார்க்காதீங்க என்று எப்படிக் கேட்பது?

கொங்குக்காரி | ஆகஸ்ட் 3, 2025

கல்யாணமாகி ஒன்பது வருஷம். அவர் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறார், நான் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். பெரிய சண்டை எதுவும் இல்லை. குடி இல்லை, கை ஓங்கியதில்லை. ஒன்றே ஒன்றுதான். ராத்திரி டிவி பக்கத்தில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு நான் பாத்திரம் கழுவப் போனால், எடுத்து வாட்ஸாப்பை மேலிருந்து கீழே வரை ஒரு ஓட்டு ஓட்டுவார். பின் நம்பர் அவருக்குத் தெரியும். ஒளிந்து பார்ப்பதில்லை, என் எதிரிலேயேதான் பார்ப்பார்.

ஒன்பது வருஷமாக இது எனக்கு உறைக்கவில்லை. போன மாதம் உறைத்தது. என் தங்கை அவள் உடம்பு சம்பந்தமாக ஒரு விஷயம் அனுப்பினாள். அவள் மாமியார் வீட்டுக்கே தெரியாது. மாமா ராத்திரி பார்ப்பார் என்று அவளுக்குத் தெரியும், அதனால் நான் படித்ததும் எல்லாருக்குமாக அழித்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி அவர் கண்ணில் பட்டது வரிசையாக மூன்று This message was deleted. "என்ன அழிச்சா?" என்றார். "தப்பா அனுப்பிட்டாளாம்" என்றேன். ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டு அந்தப் பொய்யைச் சொன்னேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மறுநாளிலிருந்து தங்கையின் பெயரைத்தான் முதலில் திறக்கிறார்.

இனிமேல் பார்க்காதீங்க என்று கேட்க வேண்டும். கேட்டால் மாமியார் வாயில் என்ன வரும் என்று இப்போதே தெரியும்: மடியில் கனம் இல்லைன்னா வழியில் என்ன பயம்? கேட்டு, கேட்டபடி நடந்தவர்கள் இருந்தால் எப்படிக் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

ரயிலடி | ஆகஸ்ட் 3, 2025

எங்கள் வீட்டில் இரண்டு போனுக்கும் ஒரே பின். பதினான்கு வருஷமாக ஒரு பிரச்சினையும் இல்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் மறைக்க என்ன இருக்கிறது? தங்கை விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டால் முடிந்தது. அவரும் அந்தப் பெண்ணுக்கு அண்ணன் மாதிரிதானே.

மூன்றாம் மாடி | ஆகஸ்ட் 4, 2025

ரொம்ப சுலபம். அந்த சாட்டைத் தேர்ந்தெடுத்து Lock chat போடுங்கள். அப்புறம் ரகசியக் குறியீடு வைத்தால் பட்டியலில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. போன் பூட்டுக்கு உங்கள் விரல் ரேகையை மட்டும் வைத்துக்கொண்டு பின்னை மாற்றிவிடுங்கள். Linked devices-ஐயும் ஒரு தடவை திறந்து பாருங்கள். வேறு கணினியில் உங்கள் வாட்ஸாப் ஓடினால் அதில் காட்டும்.

கொங்குக்காரி | ஆகஸ்ட் 4, 2025

மூன்றாம் மாடி, நான் பூட்டு கேட்கவில்லை. ஒளித்து வைத்தால் ஒளித்தவளாகத்தான் ஆவேன். என் சாட் பூட்டாமல் கிடக்க வேண்டும், அவர் எடுக்காமல் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான்.

ரயிலடி, தங்கை என்னை நம்பிச் சொன்னாள், எங்கள் இருவரையும் நம்பி இல்லை. அவர் நல்லவர் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் யாரிடம் சொல்வது என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். என் போனை நான் திறந்து காட்டினால் அவள் மடியையும் சேர்த்தல்லவா அவிழ்த்துக் காட்டுகிறேன்?

கொங்குக்காரி | ஆகஸ்ட் 5, 2025

நேற்று எழுதியதற்கு நானே மாறாக ஒன்று செய்துவிட்டேன், அதையும் எழுதுகிறேன்.

மூன்றாம் மாடி சொன்னாரே என்று Linked devices திறந்தேன். அதில் Google Chrome (Windows) என்று ஒன்று, கடைசியாக ஓடியது நேற்று. எனக்குக் கை நடுங்கிவிட்டது. எங்கள் வீட்டில் கணினி கிடையாது, அவர் யூனிட்டில்தான் இருக்கிறது. பகல் முழுக்க உட்கார்ந்து என்னைப் படித்திருக்கிறார் என்று அரை மணி நேரம் மனதுக்குள் என்னென்னவோ ஓடியது. அவர் முன்பு பேசியதை எல்லாம் எடுத்து இதோடு பொருத்திப் பார்த்தேன். பொருந்தியது! எல்லாமே பொருந்தியது.

ராத்திரி கேட்டேன். "நீதான கண்ணு, பாப்பா ஸ்கூல் பாரம் பிரிண்ட் எடுக்கறதுக்குக் கோத்துவிட்ட?" என்றார். ஆமாம். இரண்டு வாரம் முன்னால், சனிக்கிழமை, நானேதான். அந்த ஜன்னலை மூடாமல் வந்திருக்கிறேன். பில் போடும் பையன் தினமும் கணினியைப் போடும்போது அதுவும் ஓடியிருக்கிறது.

அந்த அரை மணி நேரத்தில் ஒன்று புரிந்தது. சந்தேகத்தோடு பார்க்கும்போது வெறும் ஸ்கூல் பாரம்கூட சாட்சியாகிறது. அவருக்கு அந்த மூன்று வரி எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

செம்பருத்தி | ஆகஸ்ட் 6, 2025

குடும்ப நீதிமன்றத்தில் பல வருஷம் ஆலோசகராக இருந்தேன், இப்போது ஓய்வு. நீங்கள் கடைசியாக எழுதியதுதான் இதில் முக்கியமான இடம்.

போனைப் பார்த்தால் சந்தேகம் தீரும் என்று பார்ப்பவர் நினைக்கிறார். தீரவும் செய்கிறது, கொஞ்ச நேரத்துக்கு. அந்த நிம்மதி கரைந்ததும் மறுபடி பார்க்கத் தோன்றும். ஒன்றும் இல்லை என்று எந்தப் போனும் நிரூபித்துக் காட்டாது. இன்னும் பார்க்காத இடம் ஒன்று பாக்கி இருந்துகொண்டே இருக்கும். இதற்குள் எதிராளி என்ன செய்கிறார்? வீண் கேள்வி வேண்டாமே என்று ஒன்றுமில்லாததையும் அழிக்க ஆரம்பிக்கிறார். உங்கள் வீட்டில் அதைத் தங்கையே செய்துவிட்டாள். மறைக்க ஒன்றும் இல்லாத வீட்டில் மறைக்கிற பழக்கத்தைக் கொண்டுவந்தது அந்தச் சோதனைதான். என்னிடம் வந்த பலரிடம் நான் இதைப் பார்த்திருக்கிறேன்.

கேட்பதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அவர் என்ன செய்வார் என்று பயம் இருக்கிறதா? கோபித்துக்கொள்வார், இரண்டு நாள் பேசமாட்டார் என்பது வேறு. அடிப்பார், வெளியே விடமாட்டார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார் என்ற பயம் வேறு. இரண்டாவது என்றால் நான் சொல்லப்போவது எதையும் செய்யாதீர்கள். பின்னைத் திடீரென்று மாற்றுவது, கோத்த கணினியைக் கழற்றுவது எல்லாம் எதிராளிக்கு உடனே தெரிந்துவிடும். அடி விழுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். முதலில் வேறொருவர் போனிலிருந்து 181-க்குப் பேச வேண்டும்.

கொங்குக்காரி | ஆகஸ்ட் 6, 2025

முதலாவதுதான். பேசமாட்டார், சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுப்பார். பயம் இல்லை.

செம்பருத்தி | ஆகஸ்ட் 7, 2025

அப்படியானால் கேளுங்கள். அவர் கையில் உங்கள் போன் இருக்கும்போது மட்டும் கேட்காதீர்கள். அப்போது கேட்டால் எதையோ பிடுங்குகிற மாதிரி இருக்கும். வயிறு நிறைந்த ஒரு மத்தியானத்தில் கேளுங்கள். "நீங்க என்னை நம்பறதில்லை" என்று ஆரம்பித்தால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார். "என் மெசேஜை எடுத்துப் படிக்காதீங்க, படிச்சா நான் அழிக்க ஆரம்பிச்சிடறேன், அது எனக்கே பிடிக்கலை" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். எது மாறவில்லை என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். பணம், போகும் இடம், வரும் நேரம் எல்லாம் முன்பு போலவே அவருக்குத் தெரியும் என்று சொன்னால், கதவையே சாத்துகிறாள் என்று அவருக்குத் தோன்றாது. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அதுதான் கஷ்டம்.

புதுப்பேனா | ஆகஸ்ட் 7, 2025

இவ்வளவு கெஞ்ச வேண்டியதே இல்லை. மனைவி போனைக் கணவன் பார்ப்பது குற்றம் என்று மதுரை ஹைகோர்ட் தீர்ப்பே வந்துவிட்டது. அதை எடுத்துக் காட்டுங்கள்.

கோர்ட் வராண்டா | ஆகஸ்ட் 8, 2025

குற்றம் என்று அதில் சொல்லவில்லை. 2024 அக்டோபரில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்த்தது சாட்சியம் பற்றிய கேள்வி. விவாகரத்து வழக்கில் கணவர் மனைவிக்குத் தெரியாமல் அவருடைய போன் அழைப்பு விவரங்களை எடுத்துத் தாக்கல் செய்திருந்தார். அந்தரங்க உரிமை கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு, அதை மீறி எடுத்ததைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றார் நீதிபதி. போன மாதம் சத்தீஸ்கர் உயர் நீதிமன்றமும் மனைவியின் போன் கடவுச்சொல்லைக் கொடுக்கச் சொல்லிக் கணவர் கட்டாயப்படுத்த முடியாது என்றது.

ஆனால் அதே ஜூலையில், 14-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றுவிட்டது. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலை வந்ததே அந்த உறவு உடைந்ததற்கு அடையாளம் என்றும் சொன்னது. மதுரைத் தீர்ப்பு இனி எவ்வளவு தாங்கும் என்பதில் எங்கள் வராண்டாவிலேயே இரண்டு கட்சி. இதைச் சாப்பாட்டு மேசையில் எடுத்து நீட்டினால், மத்தியானப் பேச்சு வாய்தாவாக மாறிவிடும். வேண்டாம்.

பழைய பீரோ | ஆகஸ்ட் 9, 2025

நீங்கள் எல்லாரும் பேசுவதைப் படிக்கப் படிக்க எனக்குப் பதைக்கிறது. என் வீட்டுக்காரர் நான்கு வருஷம் முன்னால் மாரடைப்பில் போனார். போன் பூட்டியே இருந்தது. சீட்டுப் பணம் யார் யாரிடம், எல்.ஐ.சி. பிரீமியம் எந்தக் கணக்கிலிருந்து, எல்லாமே அதற்குள். பதினோராம் நாள் காரியம் முடிந்த கையோடு மொபைல் கடை கடையாக அலைந்தேன். திறக்க முடியாது, அழித்துவிட்டுப் புதிதாக வேண்டுமானால் போடலாம் என்றார்கள். அவருடைய குரல் அதில் இருந்தது. தயவு செய்து பின்னைச் சொல்லி வையுங்கள்.

கொங்குக்காரி | ஆகஸ்ட் 9, 2025

அக்கா, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

நீங்கள் சொல்வது சரி. நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். அவசரத்துக்குத் திறக்க வழி வேண்டும், தினமும் திறந்து பார்க்கக் கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. பின்னை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைக்கலாம் என்றிருக்கிறேன். பிரித்தால் தெரியும். கூடவே சீட்டு, இன்சூரன்ஸ், வங்கிக் கணக்கு விவரங்களைத் தனியாக ஒரு நோட்டில் எழுதப் போகிறேன். அவற்றுக்குப் போனையே திறக்க வேண்டியிருக்கக் கூடாது.

ரயிலடி | ஆகஸ்ட் 10, 2025

அந்த உறையில் ஏ.டி.எம்., யு.பி.ஐ. பின்னையும் போட்டுவிடுங்கள். நாங்கள் அப்படித்தான்.

கோர்ட் வராண்டா | ஆகஸ்ட் 10, 2025

வங்கிப் பின் வேண்டாம். 2013-ல் பெங்களூரில் பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண், கணவரிடம் கார்டும் பின்னும் கொடுத்து 25,000 ரூபாய் எடுக்க அனுப்பினார். இயந்திரம் சீட்டு கொடுத்தது, பணம் கொடுக்கவில்லை. வழக்கு 2018 வரை நடந்தது. பின்னைக் கணவரிடம் கொடுத்ததே விதிமீறல் என்று நுகர்வோர் மன்றம் தள்ளிவிட்டது. கணவர் என்பது அங்கே கணக்கில் வரவில்லை. வாரிசு நியமனத்தை ஒழுங்காகப் பதிந்து வைத்தாலே போதும், பின் தேவையில்லை.

கொங்குக்காரி | ஆகஸ்ட் 17, 2025

இன்று கேட்டேன். சரியாக வரவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு, பாப்பா தூங்கிய பிறகு, செம்பருத்தி அம்மா சொன்ன மாதிரியே ஆரம்பித்தேன். நடுவில் எனக்குத் தைரியம் போய்விட்டது. கம்பெனியில் பெண்கள் கொடுக்கும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள் குழுவில் நான் இருக்கிறேன். புகார் கொடுத்தவர் யார் என்பது வெளியே போகக் கூடாதென்று 2013-ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது. "அதெல்லாம் இதுலதான் வருது, அதனால நீங்க பார்க்கக் கூடாது" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்படின்னா ஆபீசுக்குத் தனியா ஒரு போன் வாங்கிக்க. நாளைக்கே போய் வாங்கலாம்" என்றார். மனசாரச் சொன்னார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. நான் சொன்னது உண்மைதான், ஆனால் கேட்க வந்தது அதை இல்லை. சட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன், அவரும் அந்தச் சட்டத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டார்.

செம்பருத்தி | ஆகஸ்ட் 18, 2025

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இது. "எனக்கு வேண்டும்" என்று சொல்லக் கூச்சப்பட்டுத்தான் ஒரு காரணத்தைத் தேடுகிறோம். காரணம் கொடுத்தால் அதற்குத் தீர்வு வந்துவிடும். இன்னொரு முறை கேளுங்கள். ஆபீசும் வேண்டாம், தங்கையும் வேண்டாம்.

ஆறாவது மைல் | ஆகஸ்ட் 19, 2025

எனக்கு நடந்தது வேறு. என் கணவருக்கு வேறொரு தொடர்பு இருந்தது. கண்டுபிடித்தது போனில்தான். பார்க்காமல் இருந்திருந்தால் இன்றும் எனக்குத் தெரிந்திருக்காது. இங்கே எல்லாரும் பார்ப்பது தப்பு, பார்ப்பது தப்பு என்கிறீர்கள். ஏமாந்தவள் என்ன செய்வது?

செம்பருத்தி | ஆகஸ்ட் 19, 2025

உங்கள் வீட்டையும் இவர் வீட்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். நம்பிக்கையை உடைத்தவர் தானாக முன்வந்து போனைத் திறந்து வைப்பது அதை ஒட்டுகிற வேலையில் ஒரு பகுதி. அதற்கு ஒரு கெடு வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஆறு மாதம் என்றால் ஆறு மாதம், அப்புறம் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். கெடு இல்லாவிட்டால் நீங்கள் காவல்காரியாகவே இருந்துவிடுவீர்கள்.

ஆறாவது மைல் | ஆகஸ்ட் 20, 2025

கெடு முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. இப்போது பார்ப்பதில்லை. ஆனால் அவர் போன் ஒலிக்கும்போதெல்லாம் என் தலை திரும்புகிறது. இது எப்போது நிற்கும் என்று யாரும் சொல்வதில்லை.

கொங்குக்காரி | ஆகஸ்ட் 31, 2025

இரண்டாவது தடவை கேட்டேன். ஆபீஸ் பேச்சை எடுக்கவில்லை. "எனக்குன்னு ஒரு இடம் வேணுங்க. அதுல தப்பா ஒண்ணும் இல்லை. இருந்தாலும் வேணும். நீங்க எடுக்க மாட்டீங்கன்னு நம்பி நான் பூட்டாம வைக்கணும்" என்றேன். சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். காத்தாடிச் சத்தம் மட்டும்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீ உன் தங்கச்சிகிட்டப் பேசற, கம்பெனில அந்தப் பொண்ணுங்ககிட்டப் பேசற. வீட்டுக்கு வந்தா என்கிட்ட என்ன பேசற? அரிசி தீந்துபோச்சு, கரண்டு பில்லு வந்திருக்கு. உனக்குத் தலைவலின்னே போனைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியுது."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. முதல் நாள் இங்கே எழுதியபோது அவர் சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன். அந்த மூன்று வரிக்குப் பிறகு சந்தேகம்தான். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் அவர் தேடியது வேறு. ஆகஸ்ட் 3-ல் நான் எழுதியதில் அது ஒரு வரிகூட இல்லை.

அதனால் பார்ப்பது சரியென்று ஆகிவிடாது, அதையும் சொன்னேன். என் தலைவலியைத் தங்கைக்கு எழுதியதிலிருந்து தெரிந்துகொள்ளாதீங்க, என்கிட்டக் கேளுங்க என்றேன். கேட்டா சொல்லுவியா என்றார். சொல்றேன் என்றேன். இப்போது அது என் பங்கு.

ரயிலடி | செப்டம்பர் 1, 2025

நேற்றைய குறிப்பை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். பதினான்கு வருஷமாக ஒரே பின் என்று பெருமையாகச் சொன்னேனே. "நீங்க பார்ப்பீங்கன்னுதான் எங்க அம்மாகிட்ட எல்லாத்தையும் போன்லயே பேசி முடிச்சுக்கறேன், எழுதறதில்லை" என்றாள். எங்கள் வீட்டில் பிரச்சினை இல்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் அது எனக்குத் தெரியாது.

கொங்குக்காரி | செப்டம்பர் 14, 2025

இரண்டு வாரம் சரியாக இருந்தது. வியாழக்கிழமை நான் குளித்துவிட்டு வரும்போது போன் அவர் கையில். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டு, "பழக்கத்துல எடுத்துட்டேன். திறந்தும் பார்த்துட்டேன், ரெண்டு பேரு சாட்" என்று அவராகவே சொன்னார். கோபம் வந்தது, கத்தவும் செய்தேன். ஆனால் அவர் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

அவர் யூனிட்டுக்குப் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அவர் திரும்பி வரும் வரை அந்தப் பத்து மணி நேரத்தில் எதையும் அழிக்கவில்லை. அழிக்கத் தோன்றவும் இல்லை.

பழைய பீரோ | செப்டம்பர் 15, 2025

உறை வைத்தீர்களா?

கொங்குக்காரி | செப்டம்பர் 15, 2025

வைத்தேன் அக்கா. என் உறைக்கு மேலேயே அவரும் ஒன்று வைத்திருக்கிறார். நான் கேட்கவில்லை. நோட்டில் சீட்டு விவரம் எழுதி முடித்தாயிற்று, இன்சூரன்ஸ் பாக்கி.

கொங்குக்காரி | அக்டோபர் 5, 2025

தங்கையிடம் கேட்டேன், மாமாவிடம் சொல்லலாமா என்று. வேண்டாங்க்கா என்றாள். அதனால் அந்த மூன்று வரி என்ன என்று அவருக்கு இன்னும் தெரியாது. "அன்னிக்கு நான் பொய் சொன்னேன். தப்பா அனுப்பினது இல்லை. அவ விஷயம், அவ சொல்லாம நான் சொல்ல முடியாது" என்று மட்டும் சொன்னேன். முகம் வாடியது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டை மூடித்தான் வைத்தார்.

நேற்று பாப்பா என் பின்னைக் கண்டுபிடித்து விளையாட்டை ஏற்றிவிட்டாள், அதனால் மாற்ற வேண்டியதாயிற்று. உறைக்குள் இருந்தது பழைய எண். பிரித்து, புதிதாக எழுதி, ஒட்டி, கையெழுத்துப் போட்டு வைத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்ன எண் என்று கேட்கவில்லை. "பசை இன்னும் காயலை, மேல எதையும் வைக்காத" என்றார்.